குடும்ப போட்டோல இருந்து ராஜா, ராணி, ஜாக்கி சீட்டு வரையறது எப்படி: பாதி உருவம், அரை சுத்து, ஒரு கைப்பொருள்

போன மே லீவுல வேலூர் சத்துவாச்சாரி வீட்டுல சொந்தக்கார பசங்க ஆறு பேரை உக்கார வச்சி எங்க குடும்பத்துக்குன்னு சீட்டுக்கட்டு வரைய விட்டேன், அதுல நாலு பேர் ஒரே இடத்துல கோட்டை விட்டாங்க, முகமெல்லாம் அருமையா வரைஞ்சிட்டு கீழ் பாதியை தப்பா திருப்பிட்டாங்க. அதனால இதுல நான் ரொம்ப நேரம் நிக்கப்போறது அந்த நடு இணைப்புல தான். உதாரணத்துக்கு எங்க ஆயாவை ஆட்டின் ராணியா போட்டதை ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் எடுத்துக்கறேன்.

முன்னாடியே எடுத்து வச்சிக்கினு உக்காருங்க

ஏ4 வெள்ளைத்தாள், ட்ரேசிங் பேப்பர், மில்லிமீட்டர் சரியா தெரியற ஸ்கேல், ஜாமெட்ரி பாக்ஸ் காம்பஸ், பென்சில், 1 மி.மீ முனை உள்ள கருப்பு பேனா, ஒரு குண்டூசி. கம்ப்யூட்டர்ல படம் திருத்தற ஜிம்ப் சாஃப்ட்வேர் இருந்தா போதும், காசு கிடையாது. ஸ்கேனர் வீட்டுல இல்லன்னா ஜெராக்ஸ் கடையில ஸ்கேன் பண்ணிக்கலாம், ஆனா வரைஞ்சதை போன்ல போட்டோ எடுத்து வேலையை முடிச்சிடலாம்னு மட்டும் நினைக்காதீங்க, ஏன்னு 7ல சொல்றேன்.

1. யாருக்கு எந்த சீட்டு

மொத்தம் 12 படச்சீட்டு, நாலு ராஜா, நாலு ராணி, நாலு ஜாக்கி. வரையறதுக்கு முன்னாடியே பேரை எழுதி எல்லார்கிட்டயும் காட்டிடுங்க, பாதி வரைஞ்சப்புறம் "அவனுக்கு ராஜா எனக்கு ஜாக்கியா"ன்னு பெரிப்பா கேட்டா திரும்ப முதல்ல இருந்து தான். நாங்க தாத்தாவோட நாலு பிள்ளைங்க குடும்பத்துக்கும் ஆளுக்கொரு ஜாதி சீட்டுன்னு பிரிச்சோம், ஆட்டின், டைமன், கிளாவர், ஸ்பேட், அதனால சண்டை ஒரு வீட்டுக்குள்ளயே முடிஞ்சிது.

2. போட்டோ தேடறது

ஒரு ஆளுக்கு ஒரு போட்டோ பத்தாது, ரெண்டு மூணு வேணும். ஒண்ணு முகம் லேசா ஒரு பக்கம் திரும்பி இருக்கறது, ரெண்டாவது நேரா பார்க்கறது, மூணாவது கை தெரியறது. திரும்பின முகத்தை தான் வரையணும், ஏன்னா நேர் முகத்துல மூக்கை கோட்டால காட்டவே முடியாது, ரெண்டு புள்ளி வச்சா பொம்மை மாதிரி ஆயிடும். லேசா திரும்பினா நெத்தியில இருந்து மூக்கு நுனி வரைக்கும் ஒரே கோடு, அதுலயே பாதி ஆளு வந்துடுவாரு.

வெளிச்சம் ஒரு பக்கத்துல இருந்து விழற பழைய ஸ்டுடியோ போட்டோ இருந்தா அதுக்கு மேல ஒண்ணும் வேணாம். ஃப்ளாஷ் அடிச்ச கல்யாண போட்டோவுல முகம் தட்டையா இருக்கும், அதை ட்ரேஸ் பண்ணா தாடை எங்க முடியுது கழுத்து எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியாது.

ஒரு விஷயம் செக் பண்ணுங்க. போன் முன் கேமராவுல எடுத்த செல்ஃபி சில நேரம் இடம் வலம் மாறி சேவ் ஆகியிருக்கும். ஆம்பளைங்கன்னா சட்டைப்பை போட்டவரோட இடது பக்கம் இருக்கான்னு பாருங்க, பொம்பளைங்கன்னா முந்தானை இடது தோள்ல இருக்கான்னு பாருங்க. மாறியிருந்தா இப்பவே திருப்பிக்கோங்க, வரைஞ்சப்புறம் வீட்டுல யாராவது "மூக்குத்தி அந்தப்பக்கம் தானே"ன்னு கேப்பாங்க.

3. மூணு மடங்கு பெரிசா கட்டம் போடுங்க

சாதாரண போக்கர் அளவு சீட்டு 63 மி.மீ அகலம், 88 மி.மீ உயரம். அதே அளவுல வரைஞ்சா கை நடுங்கறதெல்லாம் அப்படியே தெரியும், அதனால மூணு மடங்கு, 189க்கு 264 மி.மீ, இது ஏ4 தாளுக்குள்ள அழகா உக்காரும். அதுக்கு மேல பெருசு வேணாம், ஏன்னா பெருசா வரையும்போது கை தானா நுணுக்கம் சேர்த்துக்கினே போகும், சின்னதாக்கினா எல்லாம் அடைஞ்சி கருப்பா தெரியும்.

அதுக்குள்ள 132க்கு 222ல ஒரு உள்கட்டம் போடுங்க, ரெண்டு பக்கமும் சமமா இடம் விட்டு. ராணி இருக்கறது இந்த கட்டத்துக்குள்ள, வெளிய இருக்கற இடம் மூலை எழுத்துக்கு. நாலு மூலையையும் குறுக்க கோடு போட்டு இணைச்சா நடுப்புள்ளி கிடைக்கும். அந்த புள்ளியை பேனாவால அழுத்தி வைங்க, இனிமே எல்லா அளவும் அதுல இருந்து தான்.

4. முகம்: எதை விடறதுங்கறது தான் வேலை

நடுப்புள்ளிக்கு மேல உங்களுக்கு கிடைக்கறது 111 மி.மீ உயரம். நான் பிரிக்கறது கிரீடத்துக்கு 21, முடி ஆரம்பிக்கற இடத்துல இருந்து தாடை வரைக்கும் 45, மீதி 45 கழுத்தும் நெஞ்சும் கையும். போட்டோவை அந்த 45 மி.மீக்கு வர மாதிரி பிரிண்ட் எடுத்து மேல ட்ரேசிங் பேப்பர் வைங்க.

இப்ப புதுசா வரையறவங்க எல்லாரும் பண்ற தப்பு, தெரியற எல்லா கோட்டையும் இழுக்கறது. ஆயா முகத்துல சுருக்கம் இருக்குதுன்னு என் சித்தி பொண்ணு பதினஞ்சு கோடு போட்டா, சீட்டு அளவுக்கு வந்ததும் ஆயாவுக்கு மீசை தாடி முளைச்ச மாதிரி இருந்திது. ஒரு ஆளை அடையாளம் காட்டறது மூணு விஷயம் தான். ஆயாவுக்கு அகலமான நெத்தி, தடிச்ச கண்ணாடி, மூக்குத்தி. அந்த மூணை கொஞ்சம் கூட்டியே போட்டோம், சுருக்கத்துக்கு கண்ணோரத்துல ரெண்டே கோடு.

அளவு ஞாபகம் வச்சிக்கோங்க: 1 மி.மீ பேனா கோடு சீட்டுல 0.33 மி.மீ ஆகும், அது நல்லா தெரியும். ரெண்டு கோட்டுக்கு நடுவுல 1 மி.மீக்கும் கம்மியா இடம் விட்டா அது மூடிக்கும். பல்லு தெரிய சிரிக்கறதை வரையாதீங்க, பல்லுக்கு நடுவுல கோடு போட்டா பயமா இருக்கும், போடாம விட்டா வாய் ஓட்டை மாதிரி இருக்கும். வாயை மூடிடுங்க.

முடிஞ்சதும் அதை போன்ல சின்னதா வச்சி கையை நீட்டி வீட்டுல இருக்கற சின்னப் பசங்ககிட்ட காட்டுங்க. யோசிக்காம "ஆயா"ன்னு சொன்னா ஓகே. யோசிச்சாங்கன்னா கோடு சேர்க்காதீங்க, ஒரு கோட்டை எடுங்க.

5. நடுக்கோடு: இங்க தான் எல்லாரும் விழறாங்க

முதல்ல காரணம். சீட்டு எந்தப் பக்கம் கையில வந்தாலும் நேரா தெரியணும். ஒரு தலை மட்டும் இருந்தா தலைகீழா வந்த ராணியை நிமித்துவீங்க, எதிர்ல இருக்கறவன் உங்ககிட்ட படச்சீட்டு இருக்குதுன்னு பார்த்துடுவான். இதுக்காக தான் ரெண்டு தலை.

இதை எல்லாரும் "கண்ணாடி பிம்பம்"னு சொல்றதால தான் தப்பு நடக்குது. ஏரித் தண்ணியில கோட்டை மதில் தெரியற மாதிரி கீழ கவுத்தா அது பிம்பம். அதுல ராணி கையில இருக்கற பூ மேல இடது பக்கம்னா கீழயும் இடது பக்கமே இருக்கும். சீட்டை திருப்பினா இப்ப பூ வலது பக்கம், முந்தானை வலது தோள்ல, வேற ஆளு. சீட்டுக்கு வேண்டியது அரை சுத்து, அதாவது நடுப்புள்ளியில ஆணி அடிச்சி 180 டிகிரி சுத்தறது. மேல இடது பக்கம் இருக்கற பூ கீழ வலது பக்கம் போகும், திருப்பினா அச்சு அசலா அதே படம்.

இப்ப அரை சுத்துக்கு ஒரு கணக்கு இருக்குது, இது புரிஞ்சிட்டா மீதி சுலபம். நடுக்கோட்டு மேல, நடுப்புள்ளிக்கு இடது பக்கம் 50 மி.மீ தள்ளி எது இருக்குதோ, அது வலது பக்கம் 50 மி.மீ தள்ளி இருக்கறதோட தான் போய் ஒட்டும். பக்கத்துல இருக்கறதோட ஒட்டாது, எதிர்ப்பக்கத்தோட ஒட்டும். என் மாமா பையன் வரைஞ்ச ராஜாவுக்கு இடது தோள்கோடு 50ல வந்து முட்டுது, வலது தோள்கோடு 58ல முட்டுது, சுத்தி ஒட்டினா ரெண்டு பக்கமும் 8 மி.மீ படிக்கட்டு. அவன் அழிச்சி அழிச்சி முகத்தை சரி பண்ணிக்கினு இருந்தான், தப்பு இடுப்புல இருந்திது.

இதுக்கு ரெண்டு வழி. ஒண்ணு, நடுப்புள்ளியில காம்பஸ் முனையை வச்சி ரெண்டு பக்கமும் ஒரே தூரத்துல குறி போட்டு, உடம்புக்கோடு ரெண்டும் அந்த குறியிலயே வந்து முட்டற மாதிரி வரையறது. ரெண்டாவது வழி எனக்கு பிடிச்சது, உடம்பையும் துணியையும் கட்டத்தோட ஓரம் வரைக்கும் பரப்பி விட்டுடறது, அப்ப முட்டறதுக்கு கோடே இருக்காது.

ஆயாவுக்கு நாங்க பண்ணது இதான். சேலை கட்டினவங்களை எதிர்ல நின்னு பார்த்தா முந்தானை நம்ம இடது கீழ இருந்து வலது மேல போகும், ஏன்னா அது அவங்க இடது தோளுக்கு போகுது. அந்த சாய்வையே நடுக்கோடா எடுத்துக்கினோம். கட்டத்தோட இடது ஓரத்துல நடு உயரத்துக்கு 18 மி.மீ கீழ ஒரு புள்ளி, வலது ஓரத்துல 18 மி.மீ மேல ஒரு புள்ளி, ரெண்டையும் ஸ்கேல் வச்சி இணைச்சா கோடு நடுப்புள்ளி வழியா போகணும். போகலன்னா கட்டமே கோணல், 3க்கு திரும்பிப் போங்க. நடுப்புள்ளியில போகாத கோட்டை சுத்தினா நடுவுல ஒரு காலி பட்டை வரும், இல்லன்னா ரெண்டு உருவமும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறும்.

அந்த கோட்டுக்கு மேல 9 மி.மீ அகலத்துக்கு சேலை பார்டரை வரைஞ்சோம், ஆரணி பட்டுல வர மாதிரி கோபுர பார்டர், சும்மா வரிசையா முக்கோணம். சுத்தினதும் கீழயும் 9 மி.மீ வந்து மொத்தம் 18 மி.மீ பட்டை, சீட்டுல 6 மி.மீ. முக்கோணத்தை இடது ஓரத்துல இருந்து எண்ணி போடாதீங்க, நடுப்புள்ளியில இருந்து ரெண்டு பக்கமும் போங்க. ஓரத்துல இருந்து போட்டா கடைசியில அரை முக்கோணம் மிஞ்சும், சுத்தினா மேல் முக்கோணமும் கீழ் முக்கோணமும் பல்லு பல்லா விலகி நிக்கும்.

ராஜாவுக்கு அங்கவஸ்திரம் இதே வேலையை பண்ணும். சட்டை போட்ட ஜாக்கிக்கு பட்டன் வரிசையை நடுப்புள்ளிக்கு நேரா இறக்குங்க, கொஞ்சம் தள்ளினாலும் மேல் பட்டன் வரிசையும் கீழ் வரிசையும் ஒண்ணை ஒண்ணு பார்க்காது.

6. கையும் கையில இருக்கற பொருளும்

ஒரு கை போதும். ரெண்டு கையும் போட்டா 45 மி.மீ உயரத்துக்குள்ள நெரிசல் ஆயிடும், சுத்தினப்புறம் நாலு கை வந்து நடுவுல கபடி ஆடும். விரலை தனித்தனியா வரையாம கையுறை மாதிரி ஒரு வடிவம் போட்டு மூணு சின்ன கோடு இழுங்க.

பொருள் அந்த ஆளோட வாழ்க்கையில இருந்து வரணும், ஆனா உள்ள கருப்படிச்சி நிழல் மாதிரி பார்த்தாலே என்னன்னு தெரியணும். இது தான் டெஸ்ட்: பேப்பர்ல வரைஞ்சி முழுசா கருப்பாக்குங்க, தெரியுதான்னு கேளுங்க. வழக்கமான சீட்டுல ராணிங்க கையில பூ இருக்கும், எங்க ஆயா கையில இலவம்பாடி முள்ளு கத்திரிக்கா, காம்போட. உருண்டை, மேல தொப்பி மாதிரி காம்பு, அதுல நாலு முள்ளு, தெரிஞ்சிடுது. குடியாத்தத்துல லுங்கி தறி ஓட்டின தாத்தாவுக்கு தறியில நூலை குறுக்க கொண்டு போற நாடா, ரெண்டு முனையும் கூரா படகு மாதிரி. காட்பாடி ஸ்டேஷன்ல வேலை பார்த்த சித்தப்பாவுக்கு கொடி, எங்க கலர் கணக்குக்கு சிவப்பு தான் வந்திது, "என்னை காலம்பூரா வண்டியை நிறுத்தவே சொல்றியா"ன்னு இன்னும் கேக்கறாரு.

வெத்தலையை மட்டும் வேணாம்னு சொல்லுவேன். எங்க பெரியாயா கையில வெத்தலை குடுத்தோம், அவங்க கிளாவர் ராணி, ஆனா வெத்தலை சின்னதானதும் ஸ்பேட் மாதிரியே தெரியுது, சிவப்படிச்சா ஆட்டின். ரம்மி ஆடும்போது ரெண்டு பேர் ஏமாந்துட்டாங்க. அதே மாதிரி காத்தாடி டைமன் மாதிரி இருக்கும். நாலு ஜாதி வடிவத்துக்கு கிட்ட வர எதையும் கையில குடுக்காதீங்க. வெத்தலைக்கு பதிலா பாக்குவெட்டி குடுத்தோம், அதுவே அழகா இருந்திது.

பொருளை தலை பக்கத்துல உயர்த்தி வைங்க, நடுக்கோட்டுகிட்ட கொண்டு போகாதீங்க. கோட்டை தாண்டி அரை மி.மீ நீட்டினாலும் கீழ் உருவத்துக்குள்ள நுழைஞ்சிடும்.

7. சுத்தறது

முதல்ல பேப்பர்லயே பாருங்க. மேல் பாதியை ட்ரேசிங் பேப்பர்ல எடுத்து, நடுப்புள்ளியில குண்டூசி குத்தி, மூல படத்து மேல அரை சுத்து சுத்துங்க. கோடெல்லாம் முட்டுதா, பார்டர் சேருதான்னு இங்கயே தெரிஞ்சிடும், பேனா போடறதுக்கு முன்னாடி. பென்சில்ல இருக்கும்போது திருத்தறது அஞ்சு நிமிஷம்.

அப்புறம் பேனா போட்டு 300 டிபிஐல ஸ்கேன். போன் கேமரா ஏன் வேணாம்னா அது லேசா சாய்ஞ்சா கூட கட்டம் ஒரு பக்கம் அகலமா இன்னொரு பக்கம் குறுகலா வரும், அதை சுத்தினா இடது பக்கம் சேரும்போது வலது பக்கம் பிரியும்.

ஜிம்ப்ல திறந்து, 189க்கு 264 வெளிக்கட்டத்து கோட்டுலயே சரியா கிராப் பண்ணுங்க. இதுல சோம்பேறித்தனம் வேணாம், ஏன்னா கம்ப்யூட்டர் படத்தோட நடுவை தான் மையமா எடுத்துக்கும், உங்க புள்ளியை இல்ல. கிராப் 1 மி.மீ மையத்தை தள்ளினா இணைப்புல 2 மி.மீ விலகும். அப்புறம் இந்த வரிசையில:

```
Layer > Transparency > Add Alpha Channel
(நடுக்கோட்டுக்கு கீழ இருக்கறதை செலக்ட் பண்ணி Delete)
Layer > Duplicate Layer
Layer > Transform > Rotate 180°
```

அதே மெனுவுல `Flip Vertically` பக்கத்துலயே இருக்கும், கை அங்க தான் போகும். அதை அமுக்கினா 5ல சொன்ன ஏரித் தண்ணி கதை. சந்தேகம்னா ஆயா மூக்குத்தியை பாருங்க: மேல இடது பக்கம் இருந்தா கீழ வலது பக்கம் இருக்கணும்.

எல்லாம் சரியா பண்ணியும் விலகுதுன்னா லேயர் படத்தை விட சின்னதா இருக்கும், அது தன்னோட நடுவுல சுத்தியிருக்கும். சுத்தினதை Undo பண்ணுங்க. சுத்தறதுக்கு முன்னாடி `Layer > Layer to Image Size` குடுத்துட்டு திரும்ப சுத்துங்க.

8. கலர்

கருப்பு, சிவப்பு, மஞ்சள், நீலம். அதோட நிறுத்திக்கோங்க, 12 சீட்டும் ஒரே கட்டு மாதிரி தெரியறது இந்த கட்டுப்பாட்டால தான். கலரை சுத்தறதுக்கு முன்னாடியே மேல் பாதியில அடிச்சிடுங்க, ரெண்டு வேலை மிச்சம்.

முகத்துக்கு கலர் வேணாம், பேப்பர் வெள்ளையா விடுங்க. வழக்கமான சீட்டுலயும் அப்படித்தான் பார்த்திருப்பீங்க. வீட்டுக்குள்ள இன்னொரு நன்மை, "என்னை மட்டும் கறுப்பா போட்டுட்ட"ன்னு ஒரு பேச்சு வராது.

9. மூலை எழுத்து

தமிழ்ல போடலாம்னு ஆசைப்பட்டோம், ராஜாவும் ரா, ராணியும் ரா, விசிறி மாதிரி பிடிச்சா எது எதுன்னு தெரியல. திரும்ப கே, க்யூ, ஜே தான். மேல் இடது மூலையில எழுத்து, அதுக்கு கீழ ஜாதி சின்னம், மூணு மடங்கு படத்துல எழுத்து உயரம் 24 மி.மீ. கீழ் வலது மூலைக்கு தனியா எழுதாதீங்க, இதையும் மேல் பாதியோட சேர்த்தே சுத்துங்க, அப்ப தான் ஓரத்துல இருந்து தூரம் ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கும்.

10. பிரஸ்ஸுக்கு குடுக்கறது

படத்தை 63க்கு 88க்கு சின்னதாக்கி, சுத்தி 3 மி.மீ கூடுதல் வெள்ளை விட்டு 69க்கு 94ஆ குடுங்க. கட்டிங் மெஷின் அரை மி.மீ, ஒரு மி.மீ நகரத்தான் செய்யும். ஓரத்துக்கு ரொம்ப கிட்ட ஒரு பார்டர் கோடு போட்டிருந்தா அந்த நகர்வு கண்ணுல குத்தும், அதனால வெளிய கோடே போடாதீங்க.

பின்பக்க டிசைனும் அரை சுத்துக்கு ஒத்துப்போகணும். ஒரு பசங்க குரூப் பின்னாடி குடும்ப போட்டோவையே நேரா போட்டாங்க, அப்புறம் எந்த சீட்டு தலைகீழா இருக்குதுன்னு பின்னாடியே தெரிஞ்சி போச்சு. பின்பக்கம் கொஞ்சம் அடர்த்தியான கலரா வைங்க, நம்ம ஊர் பிரஸ்ல விசிட்டிங் கார்டுக்கு போடற 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டுல வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சா முன்பக்கம் நிழலா தெரியும். கடையில விக்கற நல்ல சீட்டுல நடுவுல வெளிச்சத்தை தடுக்க கருப்பா ஒரு அடுக்கு இருக்கும், அது நமக்கு கிடைக்காது.

முதல்ல ஒரே ஒரு ராணியை மட்டும் பிரிண்ட் எடுத்து கையில சுத்திப் பாருங்க, 12ஐயும் ஒண்ணா குடுத்துட்டு அப்புறம் வருத்தப்படாதீங்க. லேமினேஷன் ரெண்டு பக்கமும் மேட் போட சொல்லுங்க, ஒரு பக்கம் மட்டும் போட்டா அப்பளம் மாதிரி சுருண்டுக்கும். ஷீட் வந்ததும் உடனே வெட்ட விடாம ஒரு ராத்திரி கனமான எதுக்காவது அடியில வச்சிட்டு, காலையில வெட்டி, மூலையை 3 மி.மீ கார்னர் கட்டர்ல உருட்டிடுங்க. கூரா விட்டா நாலு ஆட்டத்துலயே ஆயாவோட மூலை மடங்கிடும், யாரு கையில ஆட்டின் ராணின்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடும்.